68 லிட்டர் டீசல் எங்கே போனது? ஒரு லாரி டிரிப்பின் கணக்கு

தர்மபுரியைத் தாண்டி சேலம் வரும் லாரிகளுக்குத் தொப்பூர் கணவாய்தான் கடைசி சோதனை. வளைந்து வளைந்து இறங்கும் அந்தச் சாலையில் பிரேக் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளைச் செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்போம். ‘நியூட்ரலில் இறங்காதீர்கள்’ என்று போலீஸார் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அப்படியும் சில டிரைவர்கள் இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார்கள். காரணம் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும். டீசல்!

‘வண்டி தானாக உருளும்போது எதற்கு டீசலை எரிக்க வேண்டும்?’ என்பதுதான் அந்தக் கணக்கு. அவர் மிச்சம் பிடிக்க நினைப்பது ஒரு லிட்டரோ, அரை லிட்டரோதான். அதற்காக ஒருவர் உயிரைப் பணயம் வைப்பாரா என்று நமக்குத் தோன்றலாம். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், மலையை விட்டுவிட்டு லாரி கம்பெனியின் ஆபீஸுக்குள் போக வேண்டும். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் அவருடைய டிரிப் கணக்கு காத்திருக்கிறது.

நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலை அறியாதவர்கள் குறைவு. முன்பெல்லாம் டிரைவர் ஊர் திரும்பியதும் பாக்கெட்டிலிருந்து கசங்கிய பில்களை எடுத்து மேஜை மேல் போடுவார். கணக்குப்பிள்ளை நீள நோட்டில் எழுதிக் கூட்டுவார். சண்டை வந்தால் முதலாளி வந்து, ‘விடுப்பா, பாதியைப் போட்டுக்கொடு’ என்று தீர்த்துவைப்பார்.

இன்று அந்த நோட்டின் இடத்தில் ஈ.ஆர்.பி. என்ற மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. லாரி எங்கே கிளம்பியது, என்ன லோடு, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு டீசல் குடித்தது, எந்த டயர் எந்த இடத்தில் ஓடுகிறது, டிரைவருக்கு எவ்வளவு பாக்கி என எல்லாமே ஒரே இடத்தில் பதிவாகின்றன. டீசல் பில் எண்ணெய் கம்பெனியின் ஃப்ளீட் கார்டு வழியாகவும், சுங்கக் கட்டணம் ஃபாஸ்டேக் வழியாகவும், ஓடிய தூரம் ஜி.பி.எஸ். வழியாகவும் தானாகவே வந்து சேர்ந்துவிடும். டிரிப்பை முடித்து ஒரு பட்டனைத் தட்டினால் செட்டில்மென்ட் தயார்.

இதில் எங்கே சிக்கல் வருகிறது? ஒரு டிரிப்பை உதாரணமாக எடுத்துக்கொண்டு கடைசிவரை கூடவே போய்ப் பார்க்கலாம்.

9 நாள் டிரிப்

சங்ககிரியிலிருந்து 12 சக்கர லாரி ஒன்று முழு லோடுடன் மும்பை அருகே உள்ள பிவண்டிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாக 1,220 கிலோமீட்டர். அங்கே சரக்கை இறக்கிவிட்டு, திரும்பி வர லோடு கிடைக்கும் புனே பகுதிக்குக் காலியாக 160 கிலோமீட்டர். அங்கிருந்து மறுபடியும் முழு லோடுடன் சங்ககிரிக்கு 1,080 கிலோமீட்டர். மொத்தம் 2,460 கிலோமீட்டர், 9 நாள்கள்.

கிளம்பும்போது டிரைவர் கையில் 15,000 ரூபாய் அட்வான்ஸ். டீசலுக்கும் டோலுக்கும் கார்டு இருப்பதால் இந்தப் பணம் மற்ற வழிச்செலவுகளுக்கு மட்டும்தான். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலிக்கு 5,200 ரூபாய். எடை மேடை, பார்க்கிங், பஞ்சர் எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். பில் இல்லாத செலவு 1,400 ரூபாய். ஆக 8,200 ரூபாய்.

டிரைவரின் பேட்டா கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில இடங்களில் வாடகையில் இத்தனை சதவிகிதம், சில இடங்களில் கிலோமீட்டருக்கு இவ்வளவு. நம் உதாரணத்தில் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் என்றால் 2,460 கிலோமீட்டருக்கு 9,840 ரூபாய்.

பேட்டாவையும் செலவையும் கூட்டினால் 18,040 ரூபாய். அதில் அட்வான்ஸ் 15,000 ரூபாயைக் கழித்தால், டிரைவருக்குக் கம்பெனி தர வேண்டியது 3,040 ரூபாய். வீட்டுக்குப் போகும்போது காய்கறி, பிள்ளைகளுக்குப் பலகாரம், வட்டிக்காரருக்கு ஒரு தவணை என்று வழியிலேயே அவர் மனக்கணக்கு போட்டிருப்பார்.

ஆனால் கம்ப்யூட்டர் வேறு ஒரு தொகையைக் காட்டுகிறது. கழித்தல் 3,216 ரூபாய். அதாவது 9 நாள் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், கம்பெனிக்குப் பணம் தர வேண்டும்!

“ஏனுங்க தம்பி, நான் எங்கீங்க டீசல் வித்தேன்?” என்று டிரைவர் கேட்பார்.

“அண்ணா, சிஸ்டம்ல அப்படித்தானுங்க காட்டுது. நான் என்ன பண்ணட்டும்?” என்று கம்ப்யூட்டர் முன் இருக்கும் இளைஞர் சொல்வார்.

இருவருமே பொய் சொல்லவில்லை. அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது?

ஒரே ஒரு எண் செய்த வேலை

அந்த லாரிக்கு மென்பொருளில் பதிந்துவைத்திருக்கும் மைலேஜ், லிட்டருக்கு 4 கிலோமீட்டர். 2,460 கிலோமீட்டரை 4-ஆல் வகுத்தால் 615 லிட்டர். ஆனால், டிரிப்பில் போட்ட டீசல் 683 லிட்டர். 68 லிட்டர் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 6,256 ரூபாய். ‘டீசல் ஷார்ட்டேஜ்’ என்ற தலைப்பில் மென்பொருள் அதை டிரைவர் கணக்கில் ஏற்றிவிட்டது. வர வேண்டிய 3,040 ரூபாய் போய், தர வேண்டிய 3,216 ரூபாயாக மாறியது இப்படித்தான்.

இந்த 68 லிட்டரைத் தேட வேண்டும் என்றால் முதலில் 683 என்ற அளவு சரிதானா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் ‘ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க்’ முறை இருக்கிறது. கிளம்பும்போது டேங்க் வாய்வரை நிரப்ப வேண்டும். திரும்பி வந்ததும், முடிந்தால் அதே பங்க்கில், மறுபடியும் வாய்வரை நிரப்ப வேண்டும். இடையில் போட்டதையும் கடைசியில் நிரப்பியதையும் கூட்டினால், அந்த டிரிப்பில் எரிந்த டீசல் அதுதான். நம் லாரி ஹூப்ளியில் 170 லிட்டர், புனேயில் 200 லிட்டர், ஊர் திரும்பியதும் 313 லிட்டர் என மொத்தம் 683 லிட்டர் போட்டிருக்கிறது.

இந்த முறையில் ஒரு பக்கம் தவறினாலும் கணக்கு கெட்டுவிடும். கிளம்பும்போதே டேங்க் 30 லிட்டர் குறைவாக இருந்திருந்தால், முந்தைய டிரிப்பில் எரிந்த அந்த 30 லிட்டரும் இந்த டிரைவர் தலையில் விழும். ‘ரவுண்டாக 200 போடு’ என்று நிரப்பிக் கிளம்பும் கம்பெனிகளில் பாதி சண்டைக்கு இதுதான் காரணம். நம் உதாரணத்தில் இரண்டு பக்கமும் ஃபுல் டேங்க். ஆகவே 683 சரி.

அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது 615 என்ற எண்ணைத்தான். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று யார் சொன்னது?

லாரியின் மைலேஜ் ஒரே எண் அல்ல. அது தூக்கும் எடையைப் பொறுத்தது. நம் லாரி முழு லோடில் லிட்டருக்கு 3.6 கிலோமீட்டர், காலியாக ஓடினால் 5 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளைப் புதிதாகப் போட்ட சமயத்தில் இந்த லாரி போகும்போது லோடும் திரும்பும்போது பெரும்பாலும் காலியுமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தின் சராசரி சுமார் 4.2. முதலாளியும் நியாயமாகவே கொஞ்சம் விட்டுக்கொடுத்து 4 என்று பதியச் சொன்னார். அன்றைக்கு அது சரியான எண்தான்.

பிறகு ரிட்டர்ன் லோடு கிடைக்க ஆரம்பித்தது. வருமானம் கூடியது. வண்டி இரண்டு பக்கமும் பாரம் இழுத்தது. மென்பொருளில் இருந்த 4 மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இப்போது டிரிப்பை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். போகும் 1,220 கிலோமீட்டருக்கு 3.6 என்றால் 339 லிட்டர். காலியாக ஓடிய 160 கிலோமீட்டருக்கு 5 என்றால் 32 லிட்டர். லோடுடன் திரும்பிய 1,080 கிலோமீட்டருக்கு 300 லிட்டர். மொத்தம் 671 லிட்டர்.

காணாமல்போன 68 லிட்டரில் 56 லிட்டர் காணாமலே போகவில்லை. மீதி 12 லிட்டர்தான் உண்மையான கேள்வி.

திருட்டு நடக்காதா?

நடக்கும். அதையும் மறைக்க வேண்டியதில்லை. நம் டிரிப்பில் டீசல் செலவு மட்டும் 62,836 ரூபாய். வாடகையில் பெரும் பங்கை விழுங்குவது அதுதான். டிரிப்புக்கு 30, 40 லிட்டர் வெளியே போனால் லாபத்தில் பெரிய ஓட்டை விழும். முதலாளியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் திருட்டு, மைலேஜ் சராசரியில் மட்டும் தெரிகிற விஷயம் இல்லை. அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. டேங்க்கில் சென்சார் இருந்தால், ஓடும்போது டீசல் அளவு மெதுவாகச் சரிவது போல கோடு இறங்கும். இன்ஜின் அணைத்து வண்டி நிற்கும்போது, சில நிமிடங்களில் கோடு செங்குத்தாக விழுந்தால் யாரோ டீசலை எடுக்கிறார்கள் என்று அர்த்தம். பில்லில் 170 லிட்டர் இருக்க, டேங்க்கில் 150 லிட்டர் மட்டுமே ஏறியிருந்தால் பங்க்கில் ஏதோ நடந்திருக்கிறது. பில் போட்ட நேரத்தில் ஜி.பி.எஸ். அந்த பங்க்கையே காட்டவில்லை என்றாலும் விசாரிக்க வேண்டும்.

சென்சாரையும் கண்ணை மூடி நம்பிவிடக் கூடாது. மேட்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, குறைந்ததுபோலக் காட்டும். சமதளத்துக்கு வந்ததும் கோடு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். உண்மையிலேயே எடுத்த டீசல் திரும்பி வராது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் டிரைவரின் டிரிப்பில் இப்படி எந்த அடையாளமும் இல்லை. 683 லிட்டரில் 12 லிட்டர் என்பது 2 சதவிகிதத்துக்கும் குறைவு. வழியில் காத்திருந்த நேரம், எதிர்க்காற்று, டிராஃபிக் நெரிசல் என எதிலும் போகக்கூடிய அளவு. இன்னொரு காரணமும் உண்டு. அது வண்டிக்கு அடியில் இருக்கிறது.

டயருக்கும் ஜாதகம் உண்டு

12 சக்கர லாரியில் முன்பக்கம் இரண்டு அச்சில் நான்கு டயர்கள். பின்பக்கம் இரண்டு அச்சில், பக்கத்துக்கு இரண்டிரண்டாக எட்டு டயர்கள். போதாததற்கு ஸ்டெப்னி. கணக்கை ஒழுங்காக வைக்கும் கம்பெனியில் ஒவ்வொரு டயரும் அதன் சீரியல் நம்பரோடு மென்பொருளில் இருக்கும். எந்த லாரியில், எந்த இடத்தில், எத்தனையாவது கிலோமீட்டரில் மாட்டினார்கள், எப்போது கழற்றினார்கள், பட்டன் எத்தனை மில்லிமீட்டர் மீதி இருக்கிறது என்று அதன் ஜாதகமே அங்கே ஓடும்.

ஒரு டயர் 24,000 ரூபாய்க்கு வாங்கி 80,000 கிலோமீட்டர் ஓடியது, பிறகு 6,500 ரூபாயில் ரீட்ரெடிங் செய்து இன்னும் 45,000 கிலோமீட்டர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 30,500 ரூபாய்க்கு 1,25,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 24 பைசா. கேட்க சின்னத் தொகைதான். 12 டயருக்கும் சேர்த்தால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 ரூபாய். நம் 2,460 கிலோமீட்டர் டிரிப்பில் 7,200 ரூபாய்க்கு ரப்பர் தேய்ந்திருக்கிறது. பில் எதுவும் வராது என்பதால் இந்தச் செலவு கண்ணுக்கே தெரிவதில்லை.

இந்த ஜாதகம் தப்பாவதும் சுலபம். தும்கூர் பக்கம் நடு ராத்திரி பஞ்சர். டிரைவர் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். பஞ்சரான டயர் ஒட்டுப்போட்டு ஸ்டெப்னியாகத் தொங்குகிறது. இதை யாரும் மென்பொருளில் பதியாவிட்டால், தொங்கிக்கொண்டிருக்கும் டயர் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். நிஜமாக ஓடும் டயர் கணக்கில் தூங்கும். சில மாதம் கழித்து நம்பரைச் சரிபார்க்கும்போது இடம் மாறியிருப்பது தெரியவரும். ‘நல்ல டயரை வித்துட்டு பழசை மாட்டிட்டியா?’ என்ற கேள்வி டிரைவரை நோக்கித்தான் வரும். டயரை மாற்றியதும் சீரியல் நம்பரை போனில் ஒரு போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிவிட்டால் இந்தப் பிரச்னை அத்தோடு முடிந்தது.

டயர் தேய்ந்திருக்கும் விதமே பல உண்மைகளைச் சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை.

நம் லாரி திரும்பி வந்ததும் பட்டனை அளந்து பார்க்கிறார்கள். பின்பக்கம் உள்பக்க டயர் இரண்டில் ஓரங்கள் தேய்ந்திருக்கின்றன. உள் டயரின் வால்வு கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால், வழியில் காற்று பிடிக்கும்போது பலரும் வெளி டயரோடு விட்டுவிடுவார்கள். காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கும். அதை உருட்ட இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். அதாவது கூடுதல் டீசல். அந்த 12 லிட்டரும் இதனால்தான் போனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், டயர் பக்கத்தையும் டீசல் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் காரணம் கண்ணுக்கே தெரியும். செட்டில்மென்ட் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு டிரைவர் மட்டும்தான் தெரிவார்.

பட்டனைத் தட்டும் முன்

3,216 ரூபாய் என்பது அந்த ஒரு டிரிப்போடு முடிந்துவிடாது. ‘பழைய பாக்கி’ என்ற பெயரில் அடுத்த டிரிப் கணக்கில் முதல் வரியாக வந்து உட்காரும். அடுத்த டிரிப்பிலும் அதே 4 கிலோமீட்டர்தானே? மறுபடியும் ஷார்ட்டேஜ் வரும். ஐந்து டிரிப்பில் அது 16,000 ரூபாயைத் தாண்டிவிடும். கடனைக் கட்டாமல் கம்பெனியை விட்டுப் போக முடியாது. கட்டவும் வழி இல்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்யாமலே, பழசாகிப்போன ஓர் எண் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடுகிறது.

சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சட்டத்திலும் வரைமுறை இருக்கிறது. தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்காகப் பிடித்தம் செய்ய வேண்டுமென்றால், முதலில் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். 1936-ம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இது இருந்தது. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் தானாகக் கழித்துக்கொள்ளும் மென்பொருளில் விளக்கத்துக்கான கட்டமே பல நேரம் இருப்பதில்லை.

இதைச் சரிசெய்யப் புது மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். டிரிப்பை லோடு, காலி என்று பகுதி பகுதியாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் தனி மைலேஜ் கொடுத்தால் போதும். மலைப்பாதை அதிகமுள்ள ரூட்டுக்கு வேறு மைலேஜ் வைக்கலாம். அந்த எண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உண்மையான ஓட்டத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே ரூட்டில் ஒரே மாதிரி லாரியை ஓட்டும் எல்லா டிரைவர்களுக்கும் ஷார்ட்டேஜ் வந்தால், தப்பு டிரைவர்களிடம் இல்லை, எண்ணில் இருக்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் எந்த வண்டியில் போனாலும் வந்தால், அப்போது அவரைக் கேட்கலாம். கழிவு தானாக ஏறாமல், ‘விசாரணையில்’ என்று நின்று, டிரைவரிடம் பேசிய பிறகு முடிவாவது போலவும் மாற்றிவைக்கலாம்.

டிரைவர்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிளம்பும்போது டேங்க் ஃபுல்லா என்று பார்த்து, ஓடோமீட்டரையும் பங்க் பில்லையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது. ‘நான் சொல்றேனுங்க’ என்பதைவிட அந்த ஒரு போட்டோவுக்கு மதிப்பு அதிகம்.

நம் டிரைவரின் கணக்கைத் திருத்திப் போட்டால், 12 லிட்டரை விட்டுக்கொடுக்கும்போது அவருக்கு முழுதாக 3,040 ரூபாய் வரும். கறாராகப் பிடித்தாலும் 1,104 ரூபாய் போக 1,936 ரூபாய் கையில் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் அவர் கடன்காரர் இல்லை.

மறுபடியும் தொப்பூர்

இப்போது அந்தக் கணவாய்க்குத் திரும்பலாம். 9 நாள் ஓட்டி முடித்து, இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஊர் என்ற நிலையில், மைலேஜ் வராது என்று தெரிந்த டிரைவரின் கை எதற்காக நியூட்ரலுக்குப் போகிறது என்பது புரிந்திருக்கும்.

ஆனால் அந்தக் கணக்கும் தப்புக் கணக்குதான். இன்றைய லாரிகளில் டீசல் பாய்வதை எலெக்ட்ரானிக் முறையில் கட்டுப்படுத்துகிறார்கள். இறக்கத்தில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுற்றவைக்கும். அப்போது இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். அதோடு இன்ஜின் பிரேக்கின் பிடிமானமும் போய்விடும். முழு லோடின் பாரமும் கால் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது அதனால்தான்.

வண்டியின் இன்ஜின் தகவல்களையும் சேர்த்து அனுப்பும் கருவி பொருத்தியிருந்தால், நியூட்ரலில் இறங்குவதை ஆபீஸில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும், இன்ஜினோ நிற்கும் வண்டியைப்போல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு எண்களையும் பார்த்ததும் டிரைவருக்கு போன் போடுகிறார்கள். ‘ஏன் நியூட்ரலில் போனீர்கள்?’ என்று கேட்கிறார்கள்.

கேட்க வேண்டியதுதான். போனை வைத்த பிறகு, அவருடைய வண்டிக்கு நேராக எந்த மைலேஜை எழுதி வைத்திருக்கிறோம் என்பதையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட வேண்டும்.